அம்மாவின் போனில் ஒரே தொடுதலில் திறக்கும் இணையதள ஐகான்: சேர்க்கும் முன்னும் சேர்த்த பின்னும்

என் அம்மா மாதம் ஒருமுறை மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்கான நேரத்தை இணையப் பக்கம் ஒன்றில் முன்பதிவு செய்ய வேண்டும். அவர் தேடல் பெட்டியில் மருத்துவமனையின் பெயரை எழுதுவார்; முடிவுகளில் எது மேலே இருக்கிறதோ அதைத் தொடுவார்; பெரும்பாலும் அது விளம்பரமாக இருக்கும்; பிறகு எனக்குப் போன் வரும். இதைத் தவிர்க்க, அந்தப் பக்கத்தை அவருடைய போனின் முகப்புத் திரையில் ஐகானாக வைத்துவிடலாம் என்று தோன்றியது. ஐகானைச் சேர்க்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, ஆனால் அது ஒழுங்காக வேலை செய்ய மூன்று முறை முயல வேண்டியிருந்தது. முதல் ஐகான் நான்கே நாளில் “உங்கள் அமர்வு முடிந்துவிட்டது” என்று ஆங்கிலத்தில் ஒரு வெள்ளைப் பக்கத்தைக் காட்டியது. இரண்டாவது ஐகான் திரையிலிருந்தே காணாமல் போனது. இரண்டுக்கும் காரணம் நான் செய்த தவறுகள்தான். நீங்கள் அவற்றைச் செய்ய வேண்டியதில்லை.

தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: முகப்புத் திரையில் வரும் ஐகான் என்பது ஓர் இணைய முகவரி மட்டுமே. உள்நுழைந்த நிலை, கடவுச்சொல், எழுத்தின் அளவு ஆகிய எதுவும் அந்தப் படத்துக்குள் இல்லை. அவை உலாவியிலோ அந்தத் தளத்திலோ இருக்கின்றன. கீழே சொல்லும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

போனின் மொழி ஆங்கிலமாக இருக்கும்போது திரையில் தோன்றும் சொற்களை அப்படியே தந்திருக்கிறேன். மொழி தமிழாக இருந்தால் சொற்கள் மாறும், ஆனால் அவை இருக்கும் இடம் மாறாது.

## 1. கையில் இருக்க வேண்டியவை, ஆகும் செலவு, ஆகும் நேரம்

இதற்குச் செலவு எதுவும் இல்லை. ஐகான் சேர்க்கப் பணம் கேட்கும் செயலி ஏதாவது கண்ணில் பட்டால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். உலாவியிலேயே அந்த வசதி இருக்கிறது. ஐகான் போனில் குறிப்பிடத்தக்க இடத்தையும் பிடிக்காது. ஆனால் அதைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இணைய இணைப்பு தேவை என்பதைப் பெற்றோரிடம் சொல்லி வையுங்கள். இணைப்பு இல்லாத நேரத்தில் தொட்டுவிட்டு, போன் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவார்கள்.

அவர்களுடைய போன் உங்கள் கையில் இருக்க வேண்டும். உங்கள் போனில் சேர்த்துவிட்டு அவர்களுக்கு அனுப்ப வழியில்லை. அதோடு, போனின் பூட்டு எண், தளத்தின் சரியான முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓடிபி வரும் தளமாக இருந்தால், அது எந்த எண்ணுக்கு வருகிறது என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். என் அம்மாவின் கணக்கில் என் எண்தான் பதிவாகியிருந்தது. அதை அப்படியே விட்டிருந்தால், ஐகானை அவர் தொட்ட பிறகும் எனக்குத்தான் போன் வந்திருக்கும்.

சேர்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். சோதிப்பதற்கும் அவர்கள் கையால் பழக்குவதற்கும் சேர்த்து அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஐந்து நிமிடம் தேவைப்படும்; அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

## 2. எந்தப் பக்கத்தைச் சேர்ப்பது என்று முடிவு செய்யுங்கள்

பலரும் அவசரப்பட்டுத் தாண்டிவிடும் கட்டம் இதுதான். முதல் முறை நான் தளத்துக்குள் நுழைந்து, முன்பதிவுப் பட்டியல் தெரியும் பக்கம் வரை சென்று, அந்த இடத்தில் நின்றுகொண்டு ஐகானைச் சேர்த்தேன். அம்மாவுக்கு ஒரு படி மிச்சமாகும் என்பது என் எண்ணம். அப்போது முகவரிப் பட்டையில் இருந்தது ஏறக்குறைய கீழே உள்ள முதல் வரியைப் போன்ற முகவரி. சேர்த்திருக்க வேண்டியது இரண்டாவது வரி.

```
https://www.example.com/booking/home?sid=8f31c07a
https://www.example.com/booking
```

முதல் வரியில் `sid` என்ற சொல்லுக்குப் பிறகு வரும் எழுத்துக்கோவை, நான் அன்று உள்நுழைந்ததற்குத் தளம் கொடுத்த தற்காலிக அடையாளம். அதன் காலம் முடிந்ததும் அந்த முகவரி செல்லாமல் போகும். ஆனால் ஐகான் அந்தச் செல்லாத முகவரியைத்தான் ஒவ்வொரு முறையும் திறக்கும். வேறு எதையும் திறக்க அதற்குத் தெரியாது. எத்தனை முறை தொட்டாலும் அதே வெள்ளைப் பக்கம்தான். “நான் ஒண்ணும் பண்ணலடா, தொட்டேன், அவ்வளவுதான்” என்று அம்மா சொன்னது முற்றிலும் உண்மை.

ஆகவே முகவரியில் கேள்விக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தக் குறியிலிருந்து கடைசி வரை உள்ளதை அழித்துவிட்டுத் திறந்து பாருங்கள். எல்லாத் தளங்களிலும் இப்படி அழிக்க முடியாது. சில தளங்களில் கேள்விக்குறிக்குப் பின்னால்தான் எந்தப் பக்கம் என்ற தகவலே இருக்கும், அழித்தால் வேறு பக்கம் வந்துவிடும். அதனால் ஊகிக்காமல் சோதித்துவிடுவது நல்லது. குரோமில் மூன்று புள்ளி மெனுவைத் தொட்டு “New Incognito tab” என்பதைத் திறந்து, நீங்கள் தேர்ந்தெடுத்த முகவரியை அங்கே ஒட்டுங்கள். அந்தத் தாவலுக்கு நீங்கள் உள்நுழைந்திருப்பது தெரியாது. எனவே ஒரு மாதம் கழித்து, உள்நுழைவு காலாவதியான நிலையில், பெற்றோர் எதைப் பார்ப்பார்களோ அதையே இப்போது நீங்கள் பார்ப்பீர்கள். பயனர் பெயரைக் கேட்கும் பக்கம் ஒழுங்காக வந்தால் அந்த முகவரி சரி. பிழைச் செய்தி வந்தால் அது சரிப்படாது. ஒரு படி பின்னுக்குச் சென்று வேறு பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் இதே சோதனைக்கு சஃபாரியின் பிரைவேட் தாவலைப் பயன்படுத்தலாம்.

முகவரியைத் தேடல் முடிவிலிருந்து எடுக்காதீர்கள். முதலில் வருவது விளம்பரமாகவோ, அதே தோற்றத்தில் உருவாக்கப்பட்ட போலித் தளமாகவோ இருக்கக்கூடும். அதை ஒரு முறை தவறுதலாகத் தொட்டால் போவது ஒரு நாள்தான், ஆனால் ஐகானாக வைத்துவிட்டால் பெற்றோர் தினமும் நம்பிக்கையோடு அதற்குள் நுழைவார்கள். ரசீதிலோ கடிதத்திலோ அச்சாகியிருக்கும் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். வங்கித் தளத்தை இந்த முறையில் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கு வங்கியின் சொந்தச் செயலியே பொருத்தம்.

## 3. ஆண்ட்ராய்டு போனில் சேர்ப்பது

குரோமில் பக்கத்தைத் திறந்து, மேல் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, மெனுவைச் சற்றுக் கீழே தள்ளினால் “Add to Home screen” என்று இருக்கும். அதைத் தொட்டதும், புதிய பதிப்புகளில் “Install” என்றும் “Create shortcut” என்றும் இரண்டு வழிகள் தோன்றக்கூடும். எல்லாத் தளத்துக்கும் இரண்டும் வரும் என்று சொல்ல முடியாது, ஆனால் வந்தால் வேறுபாட்டை அறிந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

“Create shortcut” என்பது நீங்கள் நின்றுகொண்டிருக்கும் பக்கத்தின் முகவரியை அப்படியே வைக்கும். தொட்டால் குரோமில் ஒரு தாவலாகத் திறக்கும். ஐகானின் ஓரத்தில் குரோமின் சின்னம் சிறியதாக ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த வகை ஐகான் முகப்புத் திரையில் மட்டுமே இருக்கும், எனவே அங்கிருந்து நீக்கப்பட்டால் முதலிலிருந்து சேர்க்க வேண்டும். “Install” என்பது தளத்தை ஒரு செயலியைப் போல நிறுவும். செயலிகளின் பட்டியலிலும் அது இடம்பெறுவதால், முகப்புத் திரையிலிருந்து தவறுதலாக நீங்கினாலும் பட்டியலிலிருந்து இழுத்து வந்து மீண்டும் வைத்துவிடலாம். அதில் ஒரு சங்கடம் என்னவென்றால், நீங்கள் நின்ற பக்கம் திறக்காமல், தளத்தை உருவாக்கியவர்கள் எதைத் தொடக்கப் பக்கமாகக் குறித்தார்களோ அது திறக்கும். தளத்தின் முதல் பக்கமே போதும் என்றால் “Install”, உள்ளே ஒரு குறிப்பிட்ட பக்கம் வேண்டும் என்றால் “Create shortcut” என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பெயரைத் திருத்தும் பெட்டி வரலாம். அதைப் பற்றி ஐந்தாவது கட்டத்தில் சொல்கிறேன். உறுதிசெய்ததும், போனே ஐகானை ஓர் இடத்தில் வைத்துவிடும். முகப்புத் திரையின் முதல் பக்கத்தில் இடமில்லை என்றால் அடுத்தடுத்த பக்கங்களில் போய் உட்கார்ந்திருக்கும். காணவில்லை என்று மறுபடி மறுபடி சேர்த்துவிடாதீர்கள். நான் அப்படிச் செய்து, மூன்றாவது திரையில் ஒரே ஐகான் மூன்று வரிசையாக நிற்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

மெனுவில் “Add to Home screen” தென்படவே இல்லை என்றால், நீங்கள் இன்காக்னிட்டோ தாவலில் இருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். முந்தைய சோதனையை முடித்துவிட்டுச் சாதாரணத் தாவலுக்குத் திரும்ப மறந்திருக்கலாம். இன்னொரு காரணம், வேறொரு செயலியில் வந்த இணைப்பைத் தொட்டு, அந்தச் செயலிக்குள்ளேயே பக்கத்தைத் திறந்திருப்பது. அப்படியானால் முகவரியை நகலெடுத்துக் குரோமில் ஒட்டித் திறக்க வேண்டும். சேர்த்த பிறகும் ஐகான் எந்தப் பக்கத்திலும் இல்லை என்றால், முகப்புத் திரையின் அமைப்பு பூட்டப்பட்டிருக்கக்கூடும், அல்லது சில நிறுவனங்களின் போன்களில் குரோமுக்கு “Home screen shortcuts” என்ற அனுமதி கொடுக்கப்படாமல் இருக்கக்கூடும். அந்த அனுமதி, அமைப்புகளில் குரோம் செயலிக்கான பக்கத்தில் மற்ற அனுமதிகளோடு இருக்கும்.

## 4. ஐபோனில் சேர்ப்பது

சஃபாரியில் பக்கத்தைத் திறந்து, சதுரத்திலிருந்து மேல்நோக்கி அம்புக்குறி எழும் பகிர்வுப் பொத்தானைத் தொடுங்கள். ஐஓஎஸ் 26 உள்ள போன்களில் அது வெளியே தெரியாமல், முகவரிப் பட்டைக்கு அருகே உள்ள மூன்று புள்ளிக்குள் இருக்கலாம். திறக்கும் பட்டியலைக் கீழே தள்ளினால் “Add to Home Screen” வரும். அது இல்லை என்றால், பட்டியலின் அடியில் உள்ள “Edit Actions” மூலம் சேர்த்துக்கொள்ளலாம். ஐஓஎஸ் 16.4 முதல் குரோம் போன்ற பிற உலாவிகளும் இதைச் செய்ய அனுமதி பெற்றிருக்கின்றன, ஆனால் சஃபாரியில் செய்வதையே நான் பரிந்துரைப்பேன். பிறகு ஏதாவது கோளாறு வந்தால் எங்கே பார்ப்பது என்ற குழப்பம் இருக்காது.

ஐஓஎஸ் 26-இல் “Open as Web App” என்ற சுவிட்சும் தோன்றும். அது இயங்கு நிலையில் இருந்தால், பக்கம் முகவரிப் பட்டை இல்லாமல் தனிச் செயலி போலத் திறக்கும். அணைத்தால் சாதாரண சஃபாரித் தாவலில் திறக்கும். முகவரிப் பட்டை இல்லாதது முதியவர்களுக்கு நல்லதே, ஏனெனில் தவறுதலாகத் தொட்டு வேறு தளத்துக்குப் போகும் வாய்ப்பு குறைவு. ஆனால் பின்செல்லும் பொத்தானும் இருக்காது. திரையின் இடது விளிம்பிலிருந்து விரலை உள்ளே இழுத்தால் முந்தைய பக்கம் வரும் என்பதை அவர்களுக்குப் பழக்க வேண்டும். அது கைவராது என்று தோன்றினால், சுவிட்சை அணைத்தே சேருங்கள்.

## 5. பெயர் வைப்பது

உலாவி தானாக நிரப்பும் பெயர் பெரும்பாலும் நீளமான தலைப்பாக இருக்கும். ஐகானின் கீழே பாதியில் அறுந்து மூன்று புள்ளிகளோடு நிற்கும். அதை அழித்துவிட்டு, பெற்றோர் அந்த வேலையை வாயால் எப்படிச் சொல்கிறார்களோ அந்தச் சொல்லை எழுதுங்கள். நான் முதலில் மருத்துவமனையின் பெயரைச் சுருக்கி வைத்தேன், அம்மாவோ “டாக்டர் புக்கிங் எங்கே?” என்று கேட்டார். இப்போது ஐகானின் பெயர் “டாக்டர்”. ஒரே சொல், முழுவதும் தெரிகிறது.

ஐபோனில் பெயரைச் சேர்க்கும் நேரத்தில்தான் மாற்ற முடியும். பிறகு மாற்ற வேண்டுமானால் நீக்கிவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும். ஐகானின் படம் தளம் வைத்திருப்பதுதான். தளம் எதுவும் வைக்கவில்லை என்றால் வெறும் எழுத்து ஒன்று வரும், அப்போது பெயர்தான் முழு அடையாளம்.

## 6. ஐகான் வழியாக நீங்களே முதலில் நுழையுங்கள்

சேர்த்த கையோடு போனைக் கொடுத்துவிடாதீர்கள். உலாவியை மூடிவிட்டு, ஐகானைத் தொட்டுத் திறந்து, அங்கேயே உள்நுழையுங்கள். ஐபோனில் இது மிக அவசியம்: தனிச் செயலி போலத் திறக்கும் ஐகான், சஃபாரியின் உள்நுழைவைப் பகிர்ந்துகொள்ளாமல் தனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளும். சஃபாரியில் நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருந்தாலும் ஐகான் மறுபடி கேட்டால் அது கோளாறு அல்ல. கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று போன் கேட்கும்போது சம்மதியுங்கள். தளம் சில நிமிடங்களிலேயே வெளியேற்றிவிடும் வகையாக இருந்தால், அதை எந்த ஐகானாலும் மாற்ற முடியாது. ஆனால் சேமித்த கடவுச்சொல் தானாக நிரம்புவதால் பெற்றோர் ஒரு பொத்தானை மட்டும் தொட்டால் போதும். சேமித்திருக்கும் போனுக்குத் திரைப்பூட்டு கட்டாயம் இருக்க வேண்டும்.

முதல் திறப்பில் தளம் சில அனுமதிகளைக் கேட்கும். குக்கீ பற்றிய பட்டையை நீங்களே முடித்துவையுங்கள். அறிவிப்புகள் அனுப்பலாமா என்று கேட்டால், மறுத்துவிடுங்கள். இதைப் பெற்றோரிடம் விட்டால் அவர்கள் “Allow” என்பதைத்தான் தொடுவார்கள், ஏனெனில் அதைத் தொட்டால்தான் பெட்டி போகும் என்று அவர்களுக்குப் பழகியிருக்கிறது.

எழுத்து சிறியதாக இருந்தால், குரோமின் அமைப்புகளில் “Accessibility” என்ற பகுதிக்குச் சென்று இயல்பான பெரிதாக்கத்தைக் கூட்டுங்கள். அது எல்லாத் தளங்களுக்கும் பொருந்தும். அதிகம் கூட்டினால் சில பக்கங்களில் பொத்தான்கள் திரைக்கு வெளியே தள்ளப்படும், எனவே கூட்டிய பிறகு முன்பதிவுப் பொத்தான் தெரிகிறதா என்று கடைசி வரை சென்று பாருங்கள்.

## 7. இடம் ஒதுக்கி, அசையாமல் செய்யுங்கள்

என் இரண்டாவது ஐகான் எப்படிக் காணாமல் போனது என்பதை, அம்மா தொடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் கண்டுபிடித்தேன். அவர் தொடவில்லை, அழுத்தினார். விரலை வைத்து, திரை தன்னைக் கவனித்துவிட்டதா என்று பார்ப்பது போல ஒரு விநாடிக்கு மேல் அப்படியே வைத்திருந்தார். போன் அதை நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொண்டு, ஐகானை நகர்த்தவும் நீக்கவும் வழி செய்யும் சிறிய மெனுவைக் காட்டியது. அடுத்த தொடுதல் “Remove” மேல் விழுந்தது.

இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. முதலாவது, நீண்ட அழுத்தம் என்று போன் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கூட்டுவது. ஆண்ட்ராய்டில் “Accessibility” அமைப்புகளுக்குள் “Touch & hold delay” என்று இருக்கும். சாம்சங் போன்களில் அதை அரை விநாடியிலிருந்து 1.5 விநாடி வரை உயர்த்தலாம். ஐபோனில் “Accessibility”, “Touch”, “Haptic Touch” என்ற வரிசையில் சென்று “Slow” என்று மாற்றுங்கள். இந்த ஒரு மாற்றத்தால் அம்மாவின் மற்ற பல தொல்லைகளும் ஓய்ந்தன என்பது எதிர்பாராத லாபம். இரண்டாவது, முகப்புத் திரையைப் பூட்டுவது. சாம்சங்கில் முகப்புத் திரை அமைப்புகளுக்குள் “Lock Home screen layout” இருக்கிறது. வேறு சில நிறுவனங்களின் போன்களிலும் இதைப் போன்ற வசதி உண்டு. ஐகானை வைத்து முடித்த பிறகே பூட்டுங்கள். பிறகு எப்போதாவது புதியது சேர்க்கும்போது பூட்டைத் திறக்க மறந்தால், மூன்றாவது கட்டத்தில் சொன்ன சிக்கல் வரும்.

சாம்சங் போனில் “Easy mode” வைப்பதாக இருந்தால், முதலில் அதை இயக்கிவிட்டுப் பிறகு ஐகானைச் சேருங்கள். அந்த முறைக்கென்று தனி முகப்புத் திரை இருப்பதால், முன்பு வைத்தவை அதில் தெரியாது.

இடத்தைப் பொறுத்தவரை, கட்டைவிரல் எளிதில் எட்டும் கீழ்ப்பகுதி நல்லது. ஆனால் மிகக் கடைசியில் நிலையாக நிற்கும் வரிசையில் வைக்க வேண்டாம். ஐபோனிலும் பல ஆண்ட்ராய்டு போன்களிலும் அந்த வரிசையில் பெயர் காட்டப்படாது. அதற்கு நேர் மேலே, இருபுறமும் வெற்றிடம் விட்டு வையுங்கள். ஐஓஎஸ் 18 முதல் ஐகான்களைப் பெரிதாக்கும் வசதி இருக்கிறது, ஆனால் பெரிதாக்கினால் பெயர்கள் மறைந்துவிடும். படத்தை வைத்து அடையாளம் காண்பவரா, எழுத்தைப் படித்துப் பார்ப்பவரா என்பதை அறிந்து முடிவு செய்யுங்கள்.

## 8. அவர்கள் கையால் சோதியுங்கள்

போனை அணைத்து மறுபடி இயக்கி, அவர்களிடம் கொடுத்து, நீங்கள் எதுவும் சொல்லாமல் இருங்கள். பூட்டைத் திறந்து, ஐகானைக் கண்டுபிடித்து, பக்கம் வந்து, வேலையை முடித்து, முகப்புத் திரைக்குத் திரும்புவது வரை பாருங்கள். திரும்புவது பலருக்குத் தெரியாது; பக்கம் திறந்தபடியே போனை வைத்துவிடுவார்கள், அடுத்த முறை பாதியில் நின்ற படிவத்தோடு திரை விழிக்கும்.

ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை நீங்களே ஐகானைத் தொட்டுப் பாருங்கள். சேர்த்த அன்று எல்லா ஐகானும் சரியாகத்தான் திறக்கும், ஏனெனில் அன்று உள்நுழைவு உயிரோடு இருக்கும். என் முதல் ஐகானும் நான்கு நாள் நன்றாகத்தான் வேலை செய்தது.

தளத்தின் முகவரியை அவர்கள் போனிலும் உங்கள் போனிலும் குறிப்பாக எழுதி வையுங்கள். புதிய போனுக்கு மாறும்போது ஐகான் கூடவே வரும் என்று நம்பியிருக்க முடியாது. தளம் தன் முகவரியை மாற்றிக்கொண்டால் பழைய ஐகான் 404 என்ற பிழையைக் காட்டக்கூடும். ஐகானுக்குள் இருக்கும் முகவரியைத் திருத்த வழியில்லை. பழையதை நீக்கிவிட்டு, அதே பெயரில், அதே இடத்தில் புதியதை வையுங்கள். பெயரோ இடமோ மாறினால் பழக்கியதை மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.